மழைக்கால விற்பனைப் படங்களுக்கு டிசைனரிடம் என்ன சொல்வது

“மழை சேல் வருது. ஒரு பத்து போஸ்ட் வேணும். மழை ஃபீல் இருக்கணும், ஆனா பளிச்னு இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க.”

மார்க்கெட்டிங் மேலாளரிடமிருந்து அலுவலக வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால் டிசைனர் என்ன செய்வார் என்பதைச் சொல்லிவிடலாம். ஸ்டாக் போட்டோ தளத்தில் மழை என்று தேடுவார். மஞ்சள் குடை, காகிதக் கப்பல், கண்ணாடியில் வழியும் துளி என்று வரிசையாக வரும். ஒன்றை எடுத்து நீலம் பூசி, நடுவில் தள்ளுபடி சதவீதத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்புவார். மேலாளர் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ குறையுதே” என்பார். குறைவது டிசைனரின் கற்பனை அல்ல. என்ன பொருள், என்ன விலை, எந்த ஊர், எந்த மாதம் என்ற முடிவுகளை மேலாளர் எடுக்கவில்லை. அவர் எடுக்காத முடிவுகளையெல்லாம் ஸ்டாக் தளம் எடுத்துவிட்டது.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். குடை, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு விற்கும் நிறுவனம். சென்னை, கடலூர், நாகர்கோவிலில் கடைகள், சொந்தமாக ஓர் இணையக் கடை. டிசைனர் அதே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் லோகோவையும் நிறங்களையும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அலுவலகத்தில் இருப்பதாலேயே வேறொரு தொல்லை உண்டு. கடை மேலாளர், கணக்குப் பிரிவு, முதலாளியின் மகன் என்று யார் வேண்டுமானாலும் அவர் மேசைக்குப் போய் “அப்படியே இதையும் சேர்த்துடுங்க” என்பார்கள். ஆகவே பிரீஃப் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியில் வருவது எதுவும் அதில் ஏறாமல் படத்தில் ஏறக்கூடாது.

எந்த மழை?

முதல் முடிவு இது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். நாடு முழுக்க விற்கும் நிறுவனங்களின் மழை விளம்பரங்கள் அப்போதே கிளம்பிவிடும். சென்னையில் அந்த நேரம் வெயில் மண்டையைப் பிளக்கும். சென்னைக்கும் கடலூருக்கும் பெருமழை என்பது வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. நாகர்கோவில் கடையில் ஜூன் மாதமே குடை நகரத் தொடங்கியிருக்கும். ஆகவே அங்கே ஐப்பசியில் ‘மழை வந்தாச்சு’ என்று போட்டால் கொஞ்சம் அசடு வழியும்.

இதைச் சொல்லாவிட்டால் படத்தில் வேறு ஊர் மழை பெய்யும். மூடுபனி மலை, தேயிலைத் தோட்டம், ஓரத்தில் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்று மும்பையும் மூணாறும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னை மழைக்காரர் அப்படி இல்லை. மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் ஒண்டி நிற்கிறார், பைக்கைப் பாலத்துக்கு அடியில் நிறுத்தியிருக்கிறார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார். பிரீஃபில் இந்த மூன்றில் ஒன்றைக் குறிப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு இடைஞ்சல் தீபாவளி. அது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்து குறுக்கே நிற்கும். அதற்கு முந்தைய வாரங்களில் எல்லாருடைய விளம்பரமும் தங்கநிறமும் சிவப்புமாக இருக்கும். நம் கடை தீபாவளி முடிந்த திங்களன்று விற்பனையைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் படங்களில் தங்கமும் சிவப்பும் வேண்டாம் என்று ஒரு வரி போதும்.

எண்ணும் படமும் ஒன்றையே சொல்ல வேண்டும்

அதிகச் சிக்கல் வருவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் கடையின் சலுகை இப்படி இருக்கிறது: மூன்று மடிப்புக் குடை 599 ரூபாயிலிருந்து 449-க்கு, அதாவது 25 சதவீதம் குறைவு. செருப்பு 699-லிருந்து 489-க்கு, 30 சதவீதம். குழந்தைகள் மழைக்கோட்டு 1,499-லிருந்து 899-க்கு, 40 சதவீதம். மேலாளர் இதைச் சுருக்கி ‘40% வரை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். டிசைனர் மூன்றில் எது அழகான படமோ அதைத்தானே எடுப்பார்? பெரும்பாலும் அது குடையாக இருக்கும். இப்போது குடைப் படத்தின்மேல் 40 என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பவர் குடைக்கு 40 சதவீதம் என்றே படிப்பார். ‘வரை’ என்ற சின்னச் சொல்லை யாரும் கவனிப்பதில்லை. கடைக்கு வந்து 449 என்று பார்த்ததும் கல்லாவில் தகராறு.

ஆகவே விதியை எளிதாக வைக்கலாம். ஒரு படத்தில் எந்தப் பொருள் தெரிகிறதோ, அந்தப் பொருளின் எண் மட்டுமே அந்தப் படத்தில் வரும். குடைப் படத்தில் ₹449. மழைக்கோட்டுப் படத்தில் 40%. மூன்றும் சேர்ந்து தெரியும் படம் ஒன்று வேண்டுமானால் அதில் எண்ணே வேண்டாம், தேதி போதும்.

சதவீதமா, ரூபாயா என்பதையும் மேலாளர்தான் சொல்ல வேண்டும். என் கணக்கு இது: ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளுக்கு விலையைப் போடுங்கள். நனைந்துகொண்டு நிற்பவர் 25 சதவீதத்தை மனக்கணக்குப் போட மாட்டார், 449 என்றால் பையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்.

நிபந்தனை வரியையும் டிசைனரிடம் விட்டுவிடக்கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் சொல்லும் சலுகை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் மறுப்புக் குறிப்பு இருக்க வேண்டும் என்கின்றன. சலுகையைத் தமிழில் பெரிதாகப் போட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் எறும்பளவில் ஓரத்தில் வைக்கும் பழக்கத்துக்கு அதில் இடமில்லை. நிபந்தனை நீளமாக இருந்தால் அது டிசைன் பிரச்சினை அல்ல, சலுகையே குழப்பமாக இருக்கிறது என்று அர்த்தம். அதே நெறிகள், போதிய இருப்பு இல்லாமல் ஆசை காட்டி வரவழைக்கும் விளம்பரத்தையும் தடுக்கின்றன. குழந்தை மழைக்கோட்டில் பெரிய அளவு மட்டுமே மிச்சம் என்றால் அதைத் தலைப்புப் படமாக வைப்பதற்குமுன் யோசியுங்கள்.

எழுத்து மட்டுமல்ல, படமும் வாக்குக் கொடுக்கும். தூறலைத் தாங்கும் பையைக் கொட்டும் மழையில் காட்டினால், அது நனையாது என்று சொன்னதாகிவிடும். ஈரமான டைல்ஸ் தரையில் செருப்போடு ஓடும் பிள்ளையைக் காட்டினால் வழுக்காது என்று சொன்னதாகிவிடும். டிசைனருக்கு அந்தப் பொருளின் சோதனை முடிவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்தப் பொருளை எவ்வளவு தண்ணீரில் காட்டலாம் என்று பிரீஃபில் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

பிரீஃப் இப்படி இருக்கலாம்

மேலே சொன்ன முடிவுகளை எடுத்தபின் எழுதியது இது. இரண்டு பக்கம் தாண்டக்கூடாது.

“வணக்கம். தீபாவளிக்கு அடுத்த திங்கள் தொடங்கி 14 நாள் மழைக்கால விற்பனை. அதற்கான படங்கள் பற்றிய விவரம் கீழே.

பார்ப்பவர்: குடை மறந்து வந்தவர், அல்லது போன வருஷக் குடையின் கம்பி உடைந்தவர். வாங்கலாமா என்று யோசிக்கும் ஆள் இல்லை, எங்கே எவ்வளவு என்று தேடும் ஆள். மூன்று விநாடியில் பொருளும் விலையும் தெரிய வேண்டும்.

படம் 1, குடை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண், வயது 30 வாக்கில், குடையை விரிக்கும் கணம். பலத்த மழை காட்டலாம், காற்று வேண்டாம். இந்தக் குடை புயல்காற்றுக்கு ஆனதல்ல. எழுத்து: ‘குடை ₹449’. அதற்குக் கீழே சிறிதாக ‘எம்.ஆர்.பி. ₹599’.

படம் 2, குழந்தை மழைக்கோட்டு. பள்ளிப் பையை முதுகில் மாட்டி, அதற்குமேல் கோட்டைப் போட்ட பிள்ளை. பையும் சேர்த்து மூடும் என்பதுதான் இதன் சிறப்பு, அது தெரிய வேண்டும். நடுத்தர மழை. எழுத்து: ‘மழைக்கோட்டு 40% குறைவு’.

படம் 3, செருப்பு. பொருள் மட்டும், ஆள் வேண்டாம். ஈரத் தரையில் நிற்கட்டும், யாரும் ஓட வேண்டாம். எழுத்து: ‘செருப்பு ₹489’.

எல்லாப் படத்திலும் தொடக்கத் தேதி, முடியும் தேதி, லோகோ, ‘இருப்பு உள்ளவரை’. இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

வேண்டாதவை: மலை, பனி, தங்கநிறம், சிவப்பு, தேங்கிய நீரில் குதிக்கும் பிள்ளைகள், ஊர்ப்பெயர்.

அளவுகள்: ஒவ்வொரு படமும் 1080 × 1350, 1080 × 1920, 1200 × 628, 300 × 250. மொத்தம் 12 ஃபைல். நேரம் போதாவிட்டால் குடைப் படத்தின் முதல் இரண்டு அளவும் முதலில் வரட்டும்.

மாற்றம் சொல்பவர் நான் ஒருவனே. வேறு யார் கேட்டாலும் என்னிடம் அனுப்புங்கள்.”

இதில் ‘பளிச்’ என்ற சொல்லும் இல்லை, ‘ஃபீல்’ என்ற சொல்லும் இல்லை. தங்கமும் சிவப்பும் வேண்டாம் என்றதைத் தவிர நிறம், இடம்விடும் முறை, கேமரா கோணம் எதையும் மேலாளர் தொடவில்லை. அவை டிசைனரின் வேலை. பெண் குடையை விரிக்கும் கணம் என்று சொன்னது கோணத்துக்காக அல்ல. விரித்த குடை முகத்தை மறைக்கும், மடித்த குடை பொருளாகத் தெரியாது. இந்தக் காரணத்தை டிசைனரிடம் சொல்லிவிட்டால் இன்னும் நல்ல வழியை அவரே கண்டுபிடிக்கக்கூடும்.

மழையைப் படத்தில் கொண்டுவருவது

ஸ்டுடியோவில் காய்ந்த குடையைப் படமெடுத்து, பிறகு கணினியில் மழைக்கோடுகளை மேலே ஒட்டுவதுதான் மலிவான வழி. அது உடனே பிடிபடும். கொட்டுகிற மழையில் துணி காய்ந்திருக்கும், தரையில் பிரதிபலிப்பு இருக்காது. பொருளின்மேல் முதலிலேயே தண்ணீர் தெளித்துப் படமெடுங்கள். ரப்பர் செருப்பில் துளி உருண்டு ஓடிவிடாமல் நிற்கத் தண்ணீரோடு கிளிசரின் கலந்து தெளிப்பது போட்டோகிராஃபர்களின் பழைய வழக்கம். குடைத் துணியில் வெறும் தண்ணீரே போதும். மழைக்கோடு தெரிய வேண்டுமானால் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன்னால் மழை கண்ணுக்குத் தெரியாது.

படம் முழுக்க நீலம் பூசும்போது பொருளும் நீலமாகிவிடும். கறுப்புக் குடை கருநீலமாகத் தெரிந்தால், கருநீலம் என்று நினைத்து வாங்கியவர் திருப்பி அனுப்புவார். இணையக் கடைக்கு அது நேரடி நஷ்டம். நிறப்பூச்சு பின்னணி லேயருக்கு மட்டும்.

அடுத்தது ஃபைலின் எடை. மெல்லிய மழைக்கோடுகள் ஆயிரம் இருந்தால் ஜேபெக் ஃபைல் பெருத்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கோடும் அந்தச் சுருக்க முறைக்குப் புதிய விவரம். கூகுள் விளம்பர வலையில் நாமே ஏற்றும் 300 × 250 பேனர் 150 கேபிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் அடக்க அழுத்தினால் எழுத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அழுக்குப் படியும். கடை மேலாளர் அதே படத்தை வாட்ஸ்அப்பில் நாலு குழுவுக்கு அனுப்பும்போது இன்னொரு முறை சுருங்கும். ஆகவே சின்ன பேனரில் மழையே வேண்டாம்: ஒரே நிறப் பின்னணி, துளி படிந்த பொருள், விலை. பெரிய படங்களில் கோடுகள் குறைவாகவும் கொஞ்சம் தடிமனாகவும் மங்கலாகவும் இருக்கட்டும். கடைகளுக்கு அனுப்பும்போது படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நான்கு அளவுக்கும் தனித்தனியாகப் படமெடுக்கத் தேவையில்லை. பின்னணியை 2400 × 2400 சதுரமாக, நடுவில் பொருள், நான்கு பக்கமும் தாராள இடம் என்று ஒரு மாஸ்டர் ஃபைல் செய்தால், நெடுக்கு ஸ்டோரியும் அகல பேனரும் அதிலிருந்தே வெட்டலாம். பொருளும் எழுத்தும் தனித்தனி லேயராக இருந்தால் ஒவ்வோர் அளவிலும் நகர்த்திக்கொள்ளலாம். ஸ்டோரி விளம்பரத்தில் மேலே சுமார் 250 பிக்சலும் கீழே சுமார் 340 பிக்சலும் கணக்குப் பெயருக்கும் பட்டனுக்கும் போய்விடும். விலையை அங்கே வைத்தால் பட்டன் அதை மூடிவிடும். அமேசானில் விற்கும் பொருளின் முதல் படம் வேறு கதை. சுத்த வெள்ளைப் பின்னணி, எழுத்தே கூடாது. விற்பனைப் படத்தை அங்கே ஏற்ற முயல வேண்டாம்.

தமிழ் எழுத்து

எழுத வேண்டிய வரிகளை யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பிரீஃபோடு அனுப்புங்கள். போன வருஷ போஸ்டர் ஃபைலிலிருந்து நகலெடுத்தால், அது பழைய எழுத்துரு முறையில் இருந்தால், புது எழுத்துருவில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகிய மூன்றும் இலவச உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். விலை எண்ணும் அவற்றிலேயே நன்றாக இருக்கும்.

ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைவது இன்னும் நடக்கிறது. பழைய பதிப்பு என்றால் அமைப்புகளில் `Type` பகுதிக்குப் போய் `World-Ready Layout` தேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முந்தைய பதிப்புகளில் அதன் பெயர் `Middle Eastern and South Asian`. சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேறு வாக்கியம் தேட வேண்டாம், ‘மழைக்கோட்டு’ என்று அடித்தாலே போதும். ழையின் கொம்பும் கோவின் இரட்டைச் சுழியும் மெய்க்கு முன்னால் வர வேண்டும். பின்னால் விழுந்திருந்தால் மென்பொருள் தமிழை ஒழுங்காக அடுக்கவில்லை. இன்னொன்று, ஆங்கிலத் தலைப்பில் அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டுவதைத் தமிழில் செய்யக்கூடாது. சுழி தன் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கும்.

வரிகளுக்கு நடுவே இடமும் கூடுதலாக வேண்டும். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரக் குறிகளும் ஒன்றையொன்று இடிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு வரி அடங்கிய இடத்தில் தமிழில் ஒரு வரிதான் அடங்கும் என்று வைத்துக்கொண்டு சொற்களைக் குறையுங்கள். பிரீஃபில் தலைப்பு இரண்டு மூன்று சொல்லாக இருப்பது அதனால்தான்.

மழை அதிகமானால்

மற்ற விற்பனைகளுக்கு இல்லாத ஒரு பக்கம் மழைக்கால விற்பனைக்கு உண்டு. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னையும், அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவரின் ஃபோனில் ‘மழையைக் கொண்டாடுங்கள்’ என்று ஒரு விளம்பரம் வந்தால் அந்தக் கடையை அவர் மறக்க மாட்டார். பிரீஃப் எழுதும் அன்றே இதற்கு முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபின் யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது.

‘ரெட் அலர்ட் விலை’ போன்ற சொல்விளையாட்டு, எச்சரிக்கை முக்கோணம், வானிலை வரைபடம் எதுவும் படத்தில் வேண்டாம். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று உண்மையிலேயே எச்சரிக்கும் நாளில் அந்த வேடிக்கை வினையாகும். தேங்கிய நீரில் குதிக்கும் பிள்ளைகள் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். அது பெரும்பாலும் சாக்கடை கலந்த தண்ணீர் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

டிசைனரிடம் கூடுதலாக ஒரே ஒரு படம் கேளுங்கள்: வெற்றுப் பின்னணி, லோகோ, கடை திறந்திருக்கும் நேரத்தை எழுத ஓர் இடம். விலை இல்லை, மழை இல்லை. ஒரு மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் அந்த மாவட்டத்தில் விற்பனைப் படங்கள் நிற்கும், இது ஏறும். சென்னையில் நிறுத்தும்போது நாகர்கோவிலில் ஓடிக்கொண்டிருக்கலாம். படத்தில் ஊர்ப்பெயர் வேண்டாம் என்றதும், விளம்பரங்களை ஊர்வாரியாகத் தனித்தனியாக அமைப்பதும் இதற்காகத்தான். நிறுத்தும் பொறுப்பு யாருடையது, அவர் கையில் கடவுச்சொல் இருக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். பெருமழை பெரும்பாலும் அலுவலகம் மூடிய இரவில்தான் வரும்.

திரும்பி வந்ததும்

முதல் பார்வைக்கு வண்ணம் தீட்டிய படம் கேட்காதீர்கள். சாம்பல் நிறத்தில் பொருள் எங்கே, விலை எங்கே என்று காட்டும் கரட்டு வடிவம் போதும். இடத்தை மாற்றுவது அப்போது ஐந்து நிமிட வேலை, முடித்தபின் கேட்டால் அரைநாள் வேலை. விற்பனைக்குப் பத்து நாள் முன் கரட்டு வடிவம், ஆறு நாள் முன் முழுப் படம், மூன்று நாள் முன் கடைசித் திருத்தம் என்று வைத்தால் டிசைனருக்கு மூச்சுவிட நேரமிருக்கும்.

முழுப் படத்தைப் பெரிய திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஃபோனுக்கு அனுப்பி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். விலை படிக்க முடிகிறதா, குடை குடையாகத் தெரிகிறதா? கறுப்புக் குடை சாம்பல் வானத்தில் கரைந்துபோவது அப்போதுதான் தெரியும். திருத்தம் சொல்லும்போது “எழுத்தைப் பெரிதாக்குங்கள்” என்று தீர்வைச் சொல்லாமல், “ஃபோனில் விலை தெரியவில்லை” என்று குறையைச் சொல்லுங்கள். ஒருவேளை எழுத்தின் அளவு சரியாக இருந்து பின்னணிதான் வெளுத்திருக்கலாம்.

ஃபைல் பெயரில் பொருளும் அளவும் விலையும் இருக்கட்டும்: `kudai_449_1080x1920_v2.png`. விலை மாறினால் எந்தெந்த ஃபைல் செத்துப்போனது என்று பெயரிலேயே தெரியும். விற்பனை தொடங்கியபின்னும் கிடங்கிலிருந்து ஒருவர் தினமும் காலையில் மழைக்கோட்டின் இருப்பை அளவுவாரியாக மேலாளருக்குச் சொல்ல வேண்டும். சின்ன அளவு தீர்ந்த அன்றே படம் 2 இறங்கி, அதன் இடத்தில் செருப்பு ஏறும்.